பங்கேற்பு கூடியது புதிய முறையாலா, பந்துகளின் எண்ணிக்கையாலா? உடற்கல்வி வகுப்பில் ஒரு சிறு செயலாய்வு

உடற்கல்வி ஆசிரியர்கள் எழுதும் செயலாய்வு அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் வாசகம் ஒன்று உண்டு: “புதிய கற்பித்தல் முறையைப் பயன்படுத்தியதால் மாணவர் பங்கேற்பு அதிகரித்தது.” அதை ஒட்டி ஒரு சதவீதமும் இருக்கும். அந்த ‘ஆல்’ உருபு சரியாக விழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. புதிய முறை தனியாக வருவது அபூர்வம். அதோடு சேர்ந்து குழுக்கள் சிறிதாகும், பந்துகள் கூடும், ஆசிரியர் பேசும் நேரம் குறையும், வரிசையில் நிற்பது ஒழியும். இவற்றில் எது மாணவரை ஆடவைத்தது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் எண்கள் உண்மையாக இருந்தும் முடிவு தவறாகிவிடும்.

பிரித்துப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடமோ புள்ளியியல் மென்பொருளோ வேண்டாம். ஒரு வகுப்பு, ஒன்பது வாரம், எண்ணிக் குறிக்க ஒரு துணையாள் போதும். கீழே வரும் விளக்கத்துக்கு ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம்: 36 மாணவர், வாரம் இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், விளையாட்டு ஹேண்ட்பால். இதில் வரும் வகுப்புக் கணக்குகள் எல்லாம் செய்முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. எந்தப் பள்ளியின் முடிவும் அல்ல.

சோதிக்கும் முறை எது?

1946-ல் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் செயலாய்வு பற்றி எழுதியபோதே திட்டமிடு, செய்துபார், விளைவைக் கவனி, திட்டத்தைத் திருத்து என்ற சுழற்சி அதில் இருந்தது. வகுப்பறைக்கு வந்த பிறகும் சாரம் அதேதான். ஆய்வு செய்பவரும் பாடம் நடத்துபவரும் ஒருவரே என்பது இதன் பலம். புதிய முறை வெல்ல வேண்டும் என்று உள்ளூர ஆசைப்படுபவரும் அவரே என்பது இதன் பலவீனம். இனி வரும் ஏற்பாடுகளில் பாதி அந்த ஆசைக்குக் கடிவாளம் போடத்தான்.

பழைய முறை எல்லோருக்கும் தெரிந்தது. உடலைச் சூடேற்றுதல், எறிதல் அல்லது பிடித்தல் பயிற்சி, கடைசியில் ஒரு முழு ஆட்டம். புதிய முறையாக இங்கே எடுத்துக்கொள்வது ‘புரிந்து ஆடும்’ அணுகுமுறை. லஃபரோ பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் 1982-ல் முன்வைத்தது. இதில் வரிசை தலைகீழாகும். முதலில் சுருக்கிய ஓர் ஆட்டம், அதில் எழும் சிக்கலைப் பற்றி ஒரு கேள்வி, அந்தச் சிக்கலுக்குத் தேவையான திறனுக்கு மட்டும் பயிற்சி, பிறகு மீண்டும் அதே ஆட்டம்.

ஒரு பாடவேளையை அருகில் வைத்துப் பார்க்கலாம். மூவருக்கு மூவர் ஆட்டம். ஹேண்ட்பாலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது, மூன்று காலடிக்கு மேல் நகரவும் கூடாது. இந்த இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, பந்தைத் தரையில் தட்டிச் செல்வதை மட்டும் ஆசிரியர் தடை செய்கிறார். தட்ட முடியாது என்றதும் பந்து வைத்திருப்பவருக்கு வழி அடைபடுகிறது. மற்ற இருவரும் நகர்ந்தே ஆகவேண்டும். ஐந்து நிமிடம் ஆடவிட்டு, நிறுத்தி, “பந்து இவர் கையில். முன்னால் ஒருத்தர் கையை விரித்து நிற்கிறார். நீங்கள் எங்கே போய் நின்றால் இவர் உங்களுக்குப் போட முடியும்?” என்று கேட்கிறார். யாராவது ஒருவர் நடந்துபோய் நின்று காட்டுவார். அந்த இடம் சரியா என்று பந்து வைத்திருப்பவர் சொல்வார். அதற்குப் பிறகு வரும் பயிற்சி காலி இடத்துக்கு ஓடிப் பந்து வாங்குவது பற்றியதாக மட்டுமே இருக்கும்.

எதைப் பங்கேற்பு என்று எண்ணுவது?

ஆய்வு சறுக்கும் முதல் இடம் இது. வகுப்புக்கு வந்தது பங்கேற்பா? உடை மாற்றியது? களத்துக்குள் நின்றது? வியர்த்தது? நான்கும் வெவ்வேறு அளவுகள். உடல் உழைப்பை அளப்பதற்கென்றே ‘சோஃபிட்’ என்ற கண்காணிப்பு முறை இருக்கிறது. பத்து வினாடி பார்த்து, பத்து வினாடி குறித்து, படுத்தல், உட்கார்தல், நிற்றல், நடத்தல், அதைவிட வேகமான இயக்கம் என ஐந்து நிலைகளில் பதிவார்கள். இதயத்துக்கு எவ்வளவு வேலை என்பது கேள்வியானால் அது நல்ல கருவி. ஆனால் களத்தின் ஓரமாக ஓடிக்கொண்டே பந்தைத் தவிர்ப்பவரும் அதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். கற்பித்தல் முறையைச் சோதிக்க வேறு வரையறை தேவை.

நமது வகுப்புக்கு ஒரு வரியில் இப்படி எழுதிக்கொள்ளலாம்: “பார்க்கும் அந்தக் கணத்தில் மாணவர் கொடுக்கப்பட்ட பணியைச் செய்துகொண்டிருக்கிறார், அல்லது பந்தை வாங்கவோ தடுக்கவோ இடம் மாறிக்கொண்டிருக்கிறார்.” மற்ற எல்லாம் மூன்று பெட்டிகளுக்குள் போகும்: முறைக்காகக் காத்திருப்பவர், ஆசிரியர் பேசுவதைக் கேட்பவர் அல்லது பதில் சொல்பவர், பணியைவிட்டு விலகியவர். கேள்வி பதிலில் ஈடுபடுவதும் பங்கேற்புத்தானே என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் முதன்மை அளவில் அதைச் சேர்க்கக் கூடாது. புதிய முறையில் கேள்விகள் அதிகம் என்பதால், சேர்த்தால் வரையறையே புதிய முறைக்குச் சலுகை காட்டிவிடும். தனிப் பெட்டியில் குறித்தால் போதும்.

வகுப்பதற்கான மொத்த எண்ணையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். மருத்துவக் காரணத்தால் விலக்குப் பெற்றவரை மொத்தத்தில் சேர்ப்பதில்லை. உடை கொண்டுவராமல் மர நிழலில் உட்கார்ந்திருப்பவரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அவரை விட்டுவிட்டால், விருப்பமில்லாதவர்கள் கூடக் கூடப் பங்கேற்புச் சதவீதம் உயரும் விநோதம் நடக்கும்.

ஏற்பாட்டின் உச்சவரம்பு

எண்ணத் தொடங்கும் முன் காகிதத்தில் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த முழு ஆய்வும் அதன் மேல்தான் நிற்கிறது. 36 பேர், 6 பந்து. ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு பேர். முதலில் நிற்பவர் எறிகிறார், மற்ற ஐவர் காத்திருக்கிறார்கள். ஒரு கணத்தில் அதிகபட்சம் 6 பேர் செயலில் இருக்க முடியும். அதாவது 17 சதவீதம். ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மாணவர் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் இதைத் தாண்ட வழியில்லை.

பழைய முறைப்படி நடந்த ஒரு பாடவேளையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறையாகப் பத்துத் தடவை வகுப்பை நோட்டம் விட்டதாக வைத்துக்கொள்வோம். உடலைச் சூடேற்றும்போது இரண்டு நோட்டம். இரண்டிலும் 34 பேர் செயலில். வரிசைப் பயிற்சியில் ஐந்து நோட்டம். ஒவ்வொன்றிலும் 6 பேர். விளக்கத்தின்போது ஒன்று, யாரும் இல்லை. கடைசி ஆட்டத்தில் இரண்டு. அணிக்கு எழுவராக 14 பேர் களத்தில் இருந்தாலும் ஆட்டத்தோடு நகர்பவர்கள் 12 பேர்தான். கூட்டினால் 68 + 30 + 0 + 24, அதாவது 122. மொத்த வாய்ப்பு 36 பெருக்கல் 10, அதாவது 360. பங்கேற்பு 34 சதவீதம். அந்த 122-ல் பாதிக்கு மேல் சூடேற்றும் பகுதியிலிருந்தே வந்திருப்பதைக் கவனியுங்கள். சூடேற்றும் நேரத்தை இரண்டு நிமிடம் நீட்டினால் போதும், ‘பங்கேற்பு’ தானாக ஏறிவிடும். எனவே ஆய்வு முடியும்வரை அது ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

இப்போது புதிய முறையைக் கொண்டுவந்து, 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஹேண்ட்பால் களத்தை ஆறாகப் பிரித்து மூவருக்கு மூவர் ஆடவிட்டால் 36 பேரும் ஆட்டத்துக்குள் இருப்பார்கள். உச்சவரம்பு ஒரே தாவில் 17-லிருந்து 100-க்குப் போய்விட்டது. இதற்குப் புரிந்து ஆடும் அணுகுமுறை தேவையே இல்லை. சுண்ணாம்புக் கோடும் கூடுதல் பந்தும் போதும்.

இடைக்கட்டம்

ஆகவே பழையதிலிருந்து புதியதற்கு நேராகத் தாவாமல், நடுவில் ஒரு கட்டம் வைக்க வேண்டும். முதல் கட்டத்தில் நான்கு பாடவேளை, வழக்கம் எதுவோ அதுவே. இடைக்கட்டத்தில் மூன்று பாடவேளை: கற்பித்தல் பழைய முறைதான், முதலில் பயிற்சி, பிறகு ஆட்டம், கேள்வி எதுவும் இல்லை, ஆனால் ஏற்பாடு புதியது. மூவர் குழுவுக்கு ஒரு பந்து வீதம் 12 பந்து, கடைசி ஆட்டம் ஆறு சிறு களங்களில் மூவருக்கு மூவர். மூன்றாம் கட்டத்தில் ஆறு பாடவேளை: ஏற்பாடு இடைக்கட்டத்தில் இருந்ததே, குழுக்களும் அவையே, கற்பித்தல் மட்டும் புதியது. கடைசியாக இரண்டு பாடவேளை இடைக்கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

திரும்பிப் போவது ஏன் என்று பலர் கேட்பார்கள். வாரங்கள் ஓட ஓட மாணவருக்கு விளையாட்டு பழகும், குழுவோடு நெருக்கம் கூடும். அதனாலேயே பங்கேற்பு ஏறலாம். பழைய கற்பித்தலுக்குத் திரும்பியதும் எண் இறங்கினால் ஏற்றத்துக்குக் காலம் காரணமில்லை என்று ஓரளவு சொல்லலாம். இறங்காவிட்டால் அதையும் நேர்மையாக எழுத வேண்டும்.

களம் பிரிக்கும்போது ஒரு நடைமுறைச் செய்தி. கணக்குப்படி ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 13-க்கு 10 மீட்டர் வரும். முழுவதையும் ஆட்டத்துக்குக் கொடுத்தால் பக்கத்துக் களத்துக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதுவார்கள். நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டு 12-க்கு 9 என்று கோடு போடுவது நல்லது. அந்த அளவும் கடைசிவரை மாறக் கூடாது; இடம் பெரிதானால் ஓட்டம் கூடும், பந்து தொடுவது குறையும்.

எண்ணும் வேலை

பாடம் நடத்துபவரே எண்ண முடியாது. முயன்றால் எண்ணுவதும் கெடும், பாடமும் கெடும். சக ஆசிரியர் ஒருவர் ஓரத்தில் நிற்கலாம், அல்லது களத்தின் மூலையில் உயரமான இடத்தில் அசையாத கேமரா ஒன்றை வைத்துப் பிறகு எண்ணலாம். கேமரா என்றால் பள்ளியின் அனுமதி, பெற்றோரின் எழுத்து ஒப்புதல், மாணவரின் சம்மதம் மூன்றும் முன்கூட்டியே வேண்டும். படத்தில் வர விரும்பாதவர்கள் ஆடுவதற்குப் பார்வைக்கு வெளியே ஒரு களம் ஒதுக்க வேண்டும். அவர்களும் எண்ணிக்கையில் இருக்க வேண்டுமானால் நேரில் எண்ணுவதைத் தவிர வழியில்லை. நேரில் எண்ணுவதையே பரிந்துரைக்கிறோம். எளிது, யாரையும் உறுத்தாது.

எண்ணும் முறை இது. கைக்கடிகாரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல அதிரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அதிர்ந்ததும் இடது கோடியிலிருந்து வலது கோடிவரை, திரும்பிப் பார்க்காமல், பதினைந்து இருபது வினாடியில் பார்வையை ஓட்ட வேண்டும். ஒரு மாணவரைக் கண் கடக்கும் கணத்தில் அவர் என்ன செய்கிறாரோ அதுதான் கணக்கு. முந்தைய நொடியில் ஓடியிருந்தாலும், அடுத்த நொடியில் ஓடப்போகிறார் என்று தெரிந்தாலும் சேராது. செயலில் இருப்பவர்கள் அதிகமாக இருந்தால் இல்லாதவர்களை எண்ணிக் கழிப்பது சுலபம்.

இரண்டு பேர் ஒரே பாடவேளையைத் தனித்தனியாக எண்ணிப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. ஒரே நோட்டத்தில் ஒருவர் 20 என்றும் மற்றவர் 18 என்றும் குறித்தால், சிறியதைப் பெரியதால் வகுக்க ஒப்புமை 90 சதவீதம். 80-க்குக் கீழே போனால் வரையறை கலங்கியிருக்கிறது என்று பொருள். இதை நோட்டம் நோட்டமாகப் பார்க்க வேண்டும். பாடவேளையின் மொத்தத்தை வைத்துப் பார்த்தால் ஒரு நோட்டத்தில் கூடுதலாக எண்ணியது இன்னொன்றில் குறைவாக எண்ணியதோடு கழிந்து, இல்லாத ஒற்றுமை தெரியும். பெரும்பாலும் இருவரும் முரண்படுவது காவலாளி விஷயத்தில்தான்: பந்து மறுகோடியில் இருக்கும்போது கோல் முன் நிற்பவர் செயலில் இருக்கிறாரா? முடிவு எதுவானாலும் ஒன்றுதான் இருக்க வேண்டும். எழுதியும் வைக்க வேண்டும்.

உண்மையான எண்ணிக்கை தொடங்கும் முன் இரண்டு பாடவேளை வெறுமனே ஓரத்தில் நின்று குறிப்பது போலச் செய்வது அவசியம். யாரோ பார்க்கிறார்கள் என்றதும் மாணவர்கள் முதல் நாள் பாய்ந்து பாய்ந்து ஆடுவார்கள். அந்த வேகம் முதல் கட்டத்துக்குள் புகுந்தால் ஒப்பிடும் அடிப்படையே உயர்ந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்து மொத்தம் 17 பாடவேளை. ஒன்பது வாரத்தில் முடியும்.

ஆறு பேரைத் தொடர்வது

நோட்டம் ஒன்றைக் காட்டாது. சிறு களத்தில் எல்லோரும் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஏறக்குறைய எல்லோரும் ‘செயலில்’ என்றே விழும். ஆனால் அவர்களுக்குள் ஒரு வகை மாணவர் இருப்பார்: விதிகளை மீறமாட்டார், விலகி உட்காரமாட்டார், சரியான திசையில்கூட ஓடுவார், பந்து மட்டும் அவரிடம் வராதபடி எப்போதும் ஒருவருக்குப் பின்னால் இருப்பார். உடற்கல்வி ஆய்வுகளில் 1980-களிலேயே இவரைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆசிரியரின் கண்ணுக்கு இவர் நல்ல மாணவர்.

இவரைப் பிடிக்க ஆறு பேரைத் தொடர வேண்டும். முதல் கட்டத்தின் அடிப்படையில் அதிகம் ஆடுபவர் இருவர், நடுத்தரம் இருவர், குறைவாக ஆடுபவர் இருவர்; யார் என்பது மாணவருக்குத் தெரியக் கூடாது. ஆட்டத்தின்போது ஒவ்வொருவரையும் நான்கு நிமிடம் மட்டும் பார்த்து இரண்டு செயல்களை எண்ண வேண்டும்: பந்தைப் பெற்று அவரே முடிவெடுத்தது, பந்து வாங்கக் காலி இடத்துக்கு ஓடியது. ஒரே பாடவேளையில் ஆறு பேருக்கும் நேரம் போதாது. இரண்டு பாடவேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

எண்கள் சொல்வது

முதல் கட்டத்தின் நான்கு பாடவேளைகளில் பங்கேற்பு 33, 34, 30, 35. சராசரி 33 சதவீதம். இடைக்கட்டத்தில் 61, 63, 62, சராசரி 62. மூன்றாம் கட்டத்தில் 64, 55, 67, 70, 72, 69, சராசரி 66. திரும்பிப் போன இரண்டில் 64, 62.

முதல் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் மட்டும் வைத்துப் பார்த்தால் 33 எங்கே, 66 எங்கே! பங்கேற்பு இரட்டிப்பானது என்று தலைப்பே போட்டுவிடலாம். இடைக்கட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால் 33 புள்ளி ஏற்றத்தில் 29 புள்ளி ஏற்பாட்டால் வந்தது. கற்பித்தல் முறைக்கு மிஞ்சுவது நான்கு. அந்த நான்கும் பொய்யில்லை. இடைக்கட்டத்தின் மிக உயர்ந்த எண்ணான 63-ஐ மூன்றாம் கட்டத்தின் ஆறில் ஐந்து பாடவேளைகள் தாண்டியிருக்கின்றன. திரும்பிப் போனதும் எண் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது. விளைவு இருக்கிறது, சிறியது. அவ்வளவுதான்.

நடுவே வந்த 55 எதனால்? அன்றைய குறிப்பைப் பார்த்தால் தெரியும். இரண்டு நோட்டங்கள் விதி விளக்கத்தின்போது விழுந்து பூஜ்யமாகியிருக்கும். ஒரு நோட்டம் பூஜ்யமானால் அதிகபட்சம் பத்துப் புள்ளி போய்விடும் (360-ல் 36). புதிய முறையின் தொடக்கத்தில் இது வழக்கம். ஆசிரியரும் கேள்வி கேட்கப் பழகிக்கொண்டிருப்பார், நீளமாகப் பேசிவிடுவார். அந்தப் பாடவேளையை நீக்கிவிட்டுச் சராசரி போடும் ஆசை வரும். பழகும் பாடவேளைகளை ஒதுக்கப் போகிறோமா என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதியிருந்தால் ஒதுக்கலாம். எண்ணைப் பார்த்த பிறகு ஒதுக்கக் கூடாது.

இனி ஆறு பேர். நான்கு நிமிடத்துக்கு எண்ணியதில் குறைவாக ஆடும் இருவர் முதல் கட்டத்தில் 1, 0. இடைக்கட்டத்தில் 3, 2. மூன்றாம் கட்டத்தின் முடிவில் 6, 3. நடுத்தர இருவர் 4, 3. பிறகு 7, 6. பிறகு 9, 8. அதிகம் ஆடும் இருவர் 9, 8. பிறகு 14, 13. பிறகு 12, 11. இடைக்கட்டத்தில் ஆறு பேரின் மொத்தம் 45, மூன்றாம் கட்டத்தில் 49. மொத்தம் பெரிதாக மாறவில்லை, பங்கீடு மாறியிருக்கிறது. கடைசி இருவரின் பங்கு 45-ல் 5 ஆக இருந்தது, 49-ல் 9 ஆகியிருக்கிறது. சிறு களமும் கூடுதல் பந்தும் எல்லோருக்கும் வாய்ப்பைக் கூட்டின. ஆனால் ஏற்கெனவே ஆடுபவர்கள்தான் அதை அள்ளிக்கொண்டார்கள். எங்கே நின்றால் பந்து வரும் என்ற கேள்வி, நிற்கத் தெரியாமல் ஒதுங்கியிருந்தவருக்குப் பயன்பட்டது என்று படிக்க இடமிருக்கிறது. வகுப்புச் சராசரி மட்டும் வைத்திருந்தால் புதிய முறையின் உண்மையான பயன் நான்கு புள்ளிக்குள் மறைந்தே போயிருக்கும்.

திரும்பிப் போன இரண்டு பாடவேளைகளில் இந்த இருவரின் எண் 5, 3 என்று நின்றால் வியப்பில்லை. பங்கேற்புச் சதவீதம் பாடம் நடத்தும் விதத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். கற்றுக்கொண்டது அப்படி இறங்காது. ஆறு பேரை வைத்து இதற்கு மேல் இழுக்க முடியாது.

கணக்கு போடுகையில் ஒரு பொறி. 360 கண்காணிப்பு இருக்கிறதே என்று ஒவ்வொன்றையும் தனித்தனிச் சான்றாக வைத்துப் புள்ளியியல் சோதனை நடத்தினால் எந்தச் சிறு வித்தியாசமும் ‘குறிப்பிடத்தக்கது’ என்று வரும். அதே 36 பேரைத்தான் பத்து முறை பார்த்திருக்கிறோம். இங்கே ஓர் அலகு என்பது ஒரு பாடவேளை. நம்மிடம் இருப்பது 15 அலகு. வரைபடத் தாளில் 15 புள்ளி வைத்து, கட்டம் மாறும் இடத்தில் செங்குத்துக் கோடு போட்டு, கண்ணால் பார்ப்பதே இந்த அளவு ஆய்வுக்கு நேர்மையான பகுப்பாய்வு.

புதிய முறை உண்மையில் நடந்ததா?

மூன்றாம் கட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, கேள்வியை ஆசிரியரே கேட்டு ஆசிரியரே பதிலும் சொல்லிவிட்டால் அது பழைய முறைதான். எண்ணுபவரின் தாளில் ஐந்து வரி சேர்க்க வேண்டும்: சூடேற்றியதும் ஐந்து நிமிடத்துக்குள் ஆட்டம் தொடங்கியதா, ஒரு விதியாவது மாற்றப்பட்டதா, மாணவர் பதில் சொன்ன கேள்வி குறைந்தது மூன்று உண்டா, பயிற்சி அந்தச் சிக்கலை ஒட்டியதா, மீண்டும் ஆட்டத்துக்குப் போனார்களா. ஐந்தில் நான்குக்குக் குறைந்தால் அந்தப் பாடவேளையைத் தனிக் குறியிட்டுக் காட்ட வேண்டும். இடைக்கட்டத்திலும் இதே தாளை நிரப்ப வேண்டும். அங்கே கேள்விகள் கசிந்திருந்தால் இரண்டு கட்டங்களின் வேறுபாடு கரைந்துவிடும். ஆர்வமுள்ள ஆசிரியரிடம் இதுதான் நடக்கும், இடைக்கட்டத்தில் வாயைக் கட்டிக்கொள்ள முடியாது.

“உங்களுக்குப் பிடித்ததா?” என்று மாணவரிடம் கேட்பதில் தவறில்லை, ஆனால் மதிப்பெண் போடும் ஆசிரியரே கையைத் தூக்கச் சொன்னால் எல்லாக் கையும் உயரும். பெயரில்லாச் சீட்டில், வேறொருவர் சேகரித்தால் சற்று உண்மை வரும். “இன்று எந்த நேரத்தில் ஆடாமல் நின்றீர்கள், ஏன்?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், பிடித்ததா என்ற கேள்வியைவிடப் பல மடங்கு பயன் தரும். “பந்து வலிக்கிறது” என்று நான்கு சீட்டில் வந்தால் அடுத்த வாரம் மென்மையான பந்துக்கு மாறலாம். ஆனால் கட்டம் மாறும் எல்லையில் மாற்ற வேண்டும், நடுவில் மாற்றினால் பந்து இன்னொரு காரணமாக உள்ளே நுழைந்துவிடும்.

இரண்டாவது சுழற்சி

3-லேயே நின்றுவிட்ட அந்த ஒரு மாணவரிடமிருந்து அடுத்த சுழற்சி தொடங்கலாம். முதலில் தோன்றும் தீர்வு, கோல் எறியும் முன் மூவரும் பந்தைத் தொட்டிருக்க வேண்டும் என்ற விதி. கவனம் தேவை. இந்த விதி வந்ததும் அவருக்குப் பந்து போகும், அவர் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார், எண்ணிக்கை ஏறும், எதுவும் மாறியிருக்காது. தொடுதலை எண்ணாமல், பெற்று முடிவெடுத்ததை எண்ணச் சொன்னதற்கு இதுவே காரணம். பந்தைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தால் கணக்கில் சேராது என்று வரையறையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் விதியின் உண்மையான பலன் தெரியும்.

இன்னொரு வழி, குழுவை மாற்றிப் பார்ப்பது. மிக வேகமானவரோடு சேர்த்திருப்பதாலேயே அவர் ஒதுங்கலாம். இரண்டு மாற்றத்தையும் ஒரே வாரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். முதலில் குழு, மூன்று பாடவேளை; எண் நகராவிட்டால் குழுவைப் பழையபடி வைத்துவிட்டு விதி, இன்னொரு மூன்று பாடவேளை. அறிக்கையின் முடிவு வாக்கியமும் அந்த அளவுக்குள்ளேயே இருக்க வேண்டும்: “இந்த வகுப்பில், ஹேண்ட்பாலில், குழுவும் களமும் பந்தும் மாறாதிருக்க, கற்பித்தல் முறையை மட்டும் மாற்றியபோது வகுப்பின் பங்கேற்பு சுமார் நான்கு புள்ளி கூடியது, தொடர்ந்து கவனித்த ஆறு பேரில் குறைவாக ஆடிய இருவரின் பங்கு அதைவிடத் தெளிவாகக் கூடியது.”